மற்றவரின் கணினியில் எமது எழுத்து



சொந்தமாக ஒரு கணினி வாங்கி வீட்டில் வைத்துப் பழகக்கூடிய நிலையில் எம்மில் மிகச் சிலரே இருக்கின்றோம். பெரும்பாலானோர் பழகுவது பயிற்சி நிலையத்துக் கணினியில், அல்லது சந்தியில் உள்ள கொம்யூனிகேசன் கடையில் மணித்தியாலக் கணக்குக்குக் காசு கொடுத்து. அந்தக் கணினி எமதல்ல. அதில் எதையாவது நிறுவப் போனால் திரை மங்கி ஒரு பெட்டி வந்து நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கும். அந்த இடத்தில் "எனக்கு இது சரிவராது" என்று எழுந்து போனவர்களை நான் பலமுறை கண்டிருக்கின்றேன். அதனால் இம்மாதம் அந்தப் பெட்டியைப் பற்றியே எழுதுகின்றேன். ஒரு பெயர்ப்பட்டியலுக்கு நடந்ததைச் சொன்னால் மற்றவை தானாக விளங்கும்.

புதுக்குடியிருப்பில் எங்கள் வேலைப் பகுதிக்குள் இருக்கும் ஒரு மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளர், இரண்டு பிள்ளைகளின் தாய். கணவர் 2009 இல் இல்லாமற் போனவர். மீள்குடியேறிய பின்னர் தையலோடு கணினியும் பழகத் தொடங்கினார். பயிற்சி நிலையத்தில் சனிக்கிழமைகளில் பாமினி எழுத்தில் வேகமாக ரைப் செய்வார். தையல் இயந்திரத்துக்காக 43 அங்கத்தவர்களின் பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம் எல்லாவற்றையும் அட்டவணையாகத் தயாரித்து பென்ரைவில் போட்டுக்கொண்டு, வெள்ளிக்கிழமை காலை கடையொன்றுக்குப் பிரின்ற் எடுக்கப் போனார். அன்று பின்னேரம் மூன்று மணிக்குள் பட்டியலைக் கொடுக்க வேண்டும்.

கடைத் தம்பி கோப்பைத் திறந்தார். திரையில் தமிழே இல்லை. "புதுக்குடியிருப்பு" என்று இருக்க வேண்டிய இடமெல்லாம் இப்படி இருந்தது:

```
GJf;FbapUg;G
```

"அக்கா, உங்கட பைல் பழுதாப் போச்சு. வைரஸ் போல" என்றார் அவர்.

"இல்லைத் தம்பி, நேற்று வடிவா இருந்தது. நான் ஒண்டும் மாத்தேல்லை."

கோப்பு பழுதாகவில்லை. ஆனால் அது அங்கிருந்த இருவருக்கும் தெரியாது. அவர் எனக்குத் தொலைபேசி எடுத்தபோது நான் ஒட்டுசுட்டானில் ஒரு கூட்டத்தில் இருந்தேன். கடைசியில் கடை வாங்கிலில் இருந்து, பழைய கொப்பியைப் பார்த்து, பட்டியல் முழுவதையும் கையால் எழுதிக் கொடுத்தார். அந்த அவசரத்தில் ஒரு பெயர் தவறிவிட்டது. பேரப்பிள்ளையை வளர்த்துக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மாவின் பெயர். 42 பேரின் பட்டியல்தான் உள்ளே போனது. அந்த அம்மா யாரையும் ஏசவில்லை. "எனக்குக் குடுத்து வைக்கேல்லைப் பிள்ளை" என்று மட்டும் சொன்னாவாம். செயலாளர் அதைச் சொல்லிச் சொல்லி அழுதார்.

அதன் பின்னர் மூன்று சனிக்கிழமைகள் அவரோடு நானும் அந்த நிலையத்தில் இருந்தேன். நான் சமூகவியல் படித்தவள், கணினி படித்தவளல்ல. நிலையத்தில் கற்பிக்கும் ரீச்சரிடம் கேட்டும், செய்து பார்த்தும் அறிந்ததையே எழுதுகின்றேன்.

எழுத்து ஏன் மாறியது?

பாமினி என்பது தமிழ் உருவங்களை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் வைத்த ஓர் எழுத்துரு. நாம் m என்ற விசையை அழுத்தும்போது கணினி தனக்குள் m என்றுதான் எழுதிக்கொள்கின்றது. பாமினி எழுத்துரு அந்தக் கணினியில் இருந்தால் m இன் இடத்தில் "அ" என்ற உருவத்தைக் காட்டுகின்றது. mk;kh என்பது "அம்மா". jkpo; என்பது "தமிழ்". எழுத்துரு இல்லாத கணினியில் அந்த ஆங்கில எழுத்துகள் அப்படியே வெளியே தெரிகின்றன. தமிழ் என்பது ஒரு முகமூடி, முகமூடி பயிற்சி நிலையத்திலேயே கிடக்க, உள்ளே இருந்தது மட்டும் பென்ரைவில் கடைக்குப் போயிருக்கின்றது.

ஆகவே அன்றைக்குச் செய்திருக்க வேண்டியது ஒரேயொரு வேலைதான். நிலையத்தை விட்டு வெளிக்கிட முன்னர் அந்தக் கோப்பை பீடிஎப் ஆகவும் சேமித்திருக்க வேண்டும். வேட் 2010 இலிருந்து இந்த வசதி அதற்குள்ளேயே இருக்கின்றது. Save As என்பதில் போய், வகை என்ற இடத்தில் PDF என்பதைத் தெரிவு செய்தால் போதும். பீடிஎப் எழுத்தின் உருவங்களையும் தன்னோடு கட்டிக்கொண்டு போகும். கடையில் பாமினி இல்லாவிட்டாலும் தமிழ் தமிழாகவே பிரின்ற் ஆகும். சரியாகப் போயிருக்கின்றதா என்று அறிய, அதை உங்கள் கைத்தொலைபேசியில் திறந்து பாருங்கள். தொலைபேசியில் பாமினி இருக்காது. அங்கே தமிழ் ஒழுங்காகத் தெரிந்தால் எங்கேயும் தெரியும்.

திருத்துவதற்கு வேட் கோப்பு, பிரின்ற் எடுக்க பீடிஎப். இரண்டும் ஒரே பென்ரைவில் இருக்கட்டும்.

பாமினி இல்லாத கணினியில் எப்படிப் பழகுவது?

இரண்டாவது சனிக்கிழமை எங்களுக்குக் கிடைத்தது வேறொரு கணினி. அதில் பாமினி இல்லை. இதையும் முதலில் அறியத் தெரிய வேண்டும். வேட்டில் எழுத்துருப் பெட்டிக்குள் Bamini என்று நாங்களே ரைப் செய்தால், அந்த எழுத்துரு இல்லாவிட்டாலும் பெட்டிக்குள் பெயர் நிற்கும். அதை நம்பக் கூடாது. ghkpdp என்று அடித்துப் பாருங்கள். "பாமினி" என்று தெரிந்தால் உண்டு. ghkpdp என்றே நின்றால் இல்லை.

முன்னைய காலத்தில் எழுத்துருவை நிறுவ நிர்வாகியின் அனுமதி கட்டாயம் வேண்டும். இப்போது அப்படியல்ல. விண்டோஸ் 10 இன் 1809 என்ற பதிப்பிலும் அதற்குப் பின்னர் வந்தவற்றிலும், ஒருவர் தனது கணக்குக்கு மட்டும் எழுத்துருவை நிறுவிக்கொள்ளலாம். உங்கள் முன்னால் இருப்பது எந்தப் பதிப்பு என்று அறிய, விண்டோஸ் விசையையும் R ஐயும் ஒன்றாக அழுத்தி, வரும் பெட்டியில் இதை எழுதுங்கள்:

```
winver
```

சிறிய பெட்டி ஒன்று வந்து பதிப்பிலக்கத்தைக் காட்டும். 1809, 1903, 22H2 போன்று இருந்தால் சரி. பின்னர் பென்ரைவில் உள்ள பாமினிக் கோப்பின் மேல் மவுசின் வலது பொத்தானை அழுத்துங்கள். Install என்று ஒன்றும், Install for all users என்று இன்னொன்றும் தெரியும். இரண்டாவதில் சிறிய கேடயப் படம் இருக்கும். கேடயம் இருந்தால் அது நிர்வாகியின் கதவு என்று அர்த்தம். அதைத் தொட்டால்தான் கடவுச்சொல் கேட்கும். எமக்கு வேண்டியது கேடயம் இல்லாத முதலாவது. அதைத் தெரிவு செய்து, வேட்டை மூடித் திறந்தால் பாமினி வந்திருக்கும்.

செயலாளர் பல மாதமாக இரண்டாவதைத்தான் அழுத்தி வந்திருக்கின்றார். "எல்லாருக்கும் எண்டு போட்டிருந்தது, அதுதான் நல்லதெண்டு நினைச்சன்" என்றார். நல்ல மனம்தான், ஆனால் அந்தக் கதவு எமக்குத் திறக்காது.

கணினி பழைய விண்டோஸ் 7 ஆக இருந்தால் இந்த வழி சரிவராது. அதற்கு இன்னொரு வழி உண்டு. கணினிக்குள் நிறுவாமல், பென்ரைவிலிருந்தே இயங்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. போர்ட்டபிள் என்று சொல்வார்கள். லிப்ரே ஒபிஸ் என்ற இலவச மென்பொருளுக்கு அப்படி ஒரு வடிவம் உண்டு, விண்டோஸ் 7 க்கு அதன் பழைய பதிப்பை எடுக்க வேண்டும். கடிதம், அட்டவணை, கணக்குத்தாள் எல்லாம் அதில் செய்யலாம். வேட் கோப்பையும் அது திறக்கும். இணைய வசதியுள்ள ஒருவரின் உதவியோடு ஒருமுறை தரவிறக்கி, விரிக்கும்போது இடம் எதுவென்று கேட்கையில் பென்ரைவைக் காட்டினால் LibreOfficePortable என்ற கோப்புறை உண்டாகும்.

இதில் எமக்கு மிகவும் உதவியது, எழுத்துருவையும் அதன் வயிற்றுக்குள்ளேயே வைக்கலாம் என்பதுதான். பாமினிக் கோப்பைப் பிரதி செய்து இந்த இடத்தில் ஒட்டிவிடுங்கள்:

```
LibreOfficePortable\App\libreoffice\share\fonts\truetype
```

அதன் பின்னர் எந்தக் கணினியில் பென்ரைவைச் செருகி LibreOfficePortable ஐத் திறந்தாலும் பாமினி அதனோடு வரும். கணினிக்குள் எதையும் நிறுவவில்லை, எவருடைய கடவுச்சொல்லும் தேவையில்லை. File என்பதற்குள் Export As என்பதில் பீடிஎப் ஆக்கும் வசதியும் இருக்கின்றது. முதற்தடவை திறக்க நேரமெடுக்கும். பென்ரைவு மெதுவானது என்பதால் அப்படி. இயங்கவில்லை என்று நினைத்து மீண்டும் மீண்டும் அழுத்தாமல் பொறுத்திருங்கள்.

இதற்கும் எல்லை உண்டு. சில நிலையங்களில் பென்ரைவிலிருந்து எந்த மென்பொருளும் இயங்காதவாறு தடுத்திருப்பார்கள். திறக்கப் போனால் நிர்வாகி தடுத்திருக்கின்றார் என்ற செய்தி வரும். அப்படி வந்தால் அதைத் தாண்ட வழி தேடாதீர்கள். ஒருவரின் தவறான பென்ரைவால் நிலையத்துக் கணினிகள் எல்லாம் முடங்கிய அனுபவத்தில்தான் அப்படிச் செய்கின்றார்கள். பொறுப்பாளரிடம் பாமினிக் கோப்பைக் கொடுத்து, எல்லாக் கணினிகளிலும் போட்டுத் தரும்படி கேளுங்கள். அவருக்கு ஒரு கணினிக்கு ஒரு நிமிடம் கூடப் பிடிக்காத வேலை அது. "மென்பொருள் போட்டுத் தாங்கோ" என்று பொதுவாகக் கேட்டால் யோசிப்பார்கள். "இந்த ஓர் எழுத்துருவைப் போட்டுத் தாங்கோ" என்று கேட்டால் பெரும்பாலும் செய்வார்கள்.

நேற்றுப் போட்டது இன்றைக்கு இல்லை

மூன்றாவது சனிக்கிழமை காலை பாமினியை நிறுவி, பட்டியலில் பாதியை ரைப் செய்து டெஸ்க்ரொப்பில் சேமித்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனோம். அதற்குள் மின்சாரம் நின்று வந்தது. திரும்பி வந்து பார்த்தால் கணினி புதிதாகத் திறந்திருந்தது. பட்டியலும் இல்லை, பாமினியும் இல்லை. செயலாளரின் முகம் வெளிறிவிட்டது.

யாரும் அழிக்கவில்லை. பல பொதுக் கணினிகளில் டீப் பிறீஸ் போன்ற ஒரு மென்பொருளைப் போட்டிருப்பார்கள். கணினி ஒவ்வொரு முறை நின்று திறக்கும்போதும் அது முதல்நாள் இருந்த நிலைக்கே திரும்பிவிடும். இடையில் சேர்த்தது எல்லாம் போய்விடும். நிலையத்துக்கு அது பெரிய உதவி. யார் என்ன குழப்பினாலும் ஒருமுறை நிறுத்தித் திறந்தால் சரியாகிவிடும். எமக்குத்தான் அது தெரிந்திருக்க வேண்டும். டீப் பிறீஸ் என்றால் மணிக்கூடு தெரியும் மூலையில் சிறிய கரடிப் படம் ஒன்று இருக்கலாம். மறைத்தும் வைத்திருப்பார்கள். ஆகவே நிச்சயமாக அறிய ஒரு சோதனை இருக்கின்றது. டெஸ்க்ரொப்பில் "சோதனை" என்று வெறும் கோப்பு ஒன்றை உண்டாக்கி, பொறுப்பாளரிடம் கேட்டுக் கணினியை நிறுத்தித் திறவுங்கள். கோப்பு அங்கேயே இருந்தால் அது சாதாரண கணினி. காணாவிட்டால் அது எதையும் நினைவில் வைக்காத கணினி.

அப்படியான கணினியில் எழுதுவதென்றால், முதல் வரி எழுத முன்னரே கோப்பைப் பென்ரைவில் சேமியுங்கள். கோப்பு பென்ரைவில் பிறக்க வேண்டும். எழுதி முடித்த பின்னர் பிரதி செய்வோம் என்று விடக் கூடாது. பின்னர் ஒவ்வொரு பத்துப் பெயருக்கும் ஒருதரம் Ctrl உடன் S ஐ அழுத்துங்கள். 2022 இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றதை நாம் மறந்திருக்க மாட்டோம். இப்போது அவ்வளவு இல்லையென்றாலும், மேசைக் கணினிக்கு ஒரு வினாடி நின்றாலே போதும்.

வேலை முடிந்ததும் பென்ரைவை இழுத்தெடுக்காமல், மூலையில் உள்ள அடையாளத்தில் Eject என்பதை அழுத்திவிட்டு எடுங்கள். அது இன்னும் எழுதிக்கொண்டிருக்கையில் இழுத்தால் கோப்பு அரைகுறையாகும்.

பென்ரைவில் கோப்புறைகள் மறைந்தால்

பல பேர் தொடும் கணினிகளில் ஒரு தொல்லை இருக்கின்றது. பென்ரைவைத் திறந்தால் உங்கள் கோப்புறைகள் எல்லாம் வளைந்த அம்புக்குறி உள்ள குறுக்குவழிகளாக மாறியிருக்கும். அதுவும் வைரஸ்தான், ஆனால் உங்கள் கோப்புகள் பெரும்பாலும் அழியவில்லை, மறைக்கப்பட்டிருக்கின்றன. அம்புக்குறி உள்ளதை அழுத்தித் திறக்காதீர்கள். திறந்தால் அந்தக் கணினிக்கும் பரவும். போர்மட் பண்ணவும் சம்மதிக்காதீர்கள். பென்ரைவின் எழுத்து E என்று வைத்துக்கொள்வோம். விண்டோஸ் விசையையும் R ஐயும் அழுத்தி cmd என்று எழுதித் திறந்து, இந்த வரியை அடியுங்கள்:

```
attrib -h -r -s /s /d E:\*.*
```

இது மறைத்து வைத்த அடையாளங்களை நீக்கும் கட்டளை. பென்ரைவில் இதைச் செய்ய நிர்வாகியாக இருக்கத் தேவையில்லை. கோப்புறைகள் திரும்பத் தெரிந்ததும் அம்புக்குறி உள்ளவற்றை அழித்துவிட்டு, வைரஸ் தடுப்புள்ள நல்ல கணினியொன்றில் பென்ரைவைச் சோதிப்பியுங்கள். cmd திறக்கவில்லையென்றால் அங்கே அதையும் தடுத்திருக்கின்றார்கள். அப்போது வேறு கணினியில் செய்யலாம். எப்படியும், முக்கியமான பட்டியலின் ஒரு பிரதி உங்கள் மின்னஞ்சலிலும் இருக்கட்டும்.

பாமினியிலிருந்து யூனிகோட்டுக்கு

சில அலுவலகங்கள் இப்போது மின்னஞ்சலில் யூனிகோட் தமிழையே கேட்கின்றன. யூனிகோட்டில் "அ" என்பது உள்ளேயும் "அ" தான். முகமூடி இல்லை. அதனால் தொலைபேசி, கணினி எங்கும் அப்படியே தெரியும். பாமினியில் கைபழகியவர்கள் அதை விட்டுவிடத் தேவையில்லை. இணையத்தில் மாற்றிகள் இருக்கின்றன. பாமினி எழுத்தைப் பிரதி செய்து ஒட்டினால் யூனிகோட் வெளியே வரும். எதையும் நிறுவத் தேவையில்லை.

ஆனால் மாற்றிக்கு எது தமிழ், எது ஆங்கிலம் என்று தெரியாது. எல்லாவற்றையும் பாமினி என்றே எடுத்துக்கொள்ளும். எங்கள் பட்டியலை மாற்றியபோது பழைய அடையாள அட்டை இலக்கங்களின் கடைசியில் இருந்த V எல்லாம் "ஏ" ஆகிவிட்டது. பாமினியில் V என்பது ஏகாரம். தொகை இருந்த இடத்தில் 25,000 என்பது "25இ000" ஆனது. காற்புள்ளியின் இடத்தில்தான் பாமினியில் இகரம் இருக்கின்றது. சில அறிவித்தல்களில் நீங்களும் இப்படிக் கண்டிருப்பீர்கள். ஓர் இலக்கத்தின் கடைசி எழுத்து மாறினால் அது அலுவலகத்துக்கு வேறொருவரின் இலக்கம், அல்லது ஒருவருடையதுமில்லை.

ஆகவே பெயரும் முகவரியும் உள்ள நிரல்களை மட்டும் மாற்றியில் போடுங்கள். இலக்கங்களின் நிரலை மாற்றாமல் பிரதி செய்யுங்கள். இறுதியில் ஒருவர் மூலப் பட்டியலை வாசிக்க, மற்றவர் திரையைப் பார்த்துச் சரிபார்க்க வேண்டும். நாங்கள் இருவரும் அப்படித்தான் செய்தோம்.

நேரடியாக யூனிகோட்டில் பழக விரும்பினால் விண்டோசுக்குள்ளேயே தமிழ் விசைப்பலகை இருக்கின்றது. அமைப்புகளில் மொழி என்ற இடத்தில் தமிழைச் சேர்த்தால் போதும். மொழிப்பொதியைத் தரவிறக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று விடுங்கள், விசைப்பலகைக்கு அது தேவையில்லை. விண்டோஸ் விசையோடு இடைவெளி விசையை அழுத்தினால் ஆங்கிலமும் தமிழும் மாறி மாறி வரும். எந்த விசையில் எந்த எழுத்து என்று தெரியாதல்லவா? R பெட்டியில் osk என்று எழுதினால் திரையில் ஒரு விசைப்பலகை தோன்றி எழுத்துகளைக் காட்டும். இதன் ஒழுங்கு பாமினியைப் போன்றதல்ல. அங்கே "அம்மா" என்று எழுத Shift உடன் d, பின்னர் c, d, c, e என்று அழுத்த வேண்டும். பாமினிக்குப் பழகிய விரலுக்கு முதலில் எரிச்சலாக இருக்கும். வேலைக்குப் பாமினி, மெதுவாகப் பழக இது என்று வைத்துக்கொள்வது நல்லது. இரண்டையும் ஒரே நாளில் மாறி மாறி அடித்தால் இரண்டும் குழம்பும்.

எழுந்து போக முன்னர்

கடைசியாக ஒன்று. எமது கோப்புகள் வெறும் கோப்புகளல்ல. காணாமற் போனவர்களின் புகைப்படம், முறைப்பாட்டுக் கடிதம், மரணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், வங்கிப் புத்தகத்தின் முதற் பக்கம் என்று எம்மை முழுதாக அடையாளம் காட்டும் பத்திரங்களையே நாம் கொண்டு போகின்றோம். ஒருநாள் நான் உட்கார்ந்த கணினியின் Downloads கோப்புறைக்குள் எனக்குத் தெரியாத ஒரு சகோதரியின் கணவரைப் பற்றிய முறைப்பாடு முழுவதும் இருந்தது. அவர் அன்று காலை மின்னஞ்சலிலிருந்து எடுத்துப் பிரின்ற் செய்துவிட்டுப் போயிருக்கின்றார். நான் அதை வாசிக்காமல் அழித்தேன். எனக்கு முன்னர் எத்தனை பேர் வாசித்தார்களோ.

பொதுக் கணினியில் மின்னஞ்சலைத் திறப்பதென்றால் குரோமில் Ctrl, Shift, N மூன்றையும் ஒன்றாக அழுத்தி வரும் தனி யன்னலில் திறவுங்கள். அப்படியான யன்னல்கள் எல்லாவற்றையும் மூடியதும் அது கடவுச்சொல்லை மறந்துவிடும். ஆனால் நீங்கள் தரவிறக்கிய கோப்பை அது அழிக்காது. Downloads க்குள் போய், கோப்பைத் தெரிந்து, Shift உடன் Delete ஐ அழுத்தி நீங்களே அழிக்க வேண்டும். வெறும் Delete என்றால் குப்பைக்கூடைக்குள் போய் இருக்கும். வாட்ஸ்அப்பைக் கணினியில் திறந்திருந்தால், தொலைபேசியில் Linked devices என்பதில் போய் அந்தக் கணினியை வெளியேற்றுங்கள். கடையின் வாட்ஸ்அப் இலக்கத்துக்கு அனுப்பிப் பிரின்ற் எடுக்கும்போது அந்தப் படம் கடைத் தொலைபேசியில் தங்கிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். பத்திரம் பாரதூரமானதென்றால் பென்ரைவில் கொண்டு போய், கண்முன்னே பிரின்ற் எடுங்கள். வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லைப் பிறருடைய கணினியில் அடிக்கவே வேண்டாம்.

ஒரு மணித்தியாலம் காசு கொடுத்து இருந்தால் கடைசிப் பத்து நிமிடத்தை இதற்கென்று ஒதுக்குங்கள். பீடிஎப் ஆக்கியாயிற்றா, பென்ரைவில் இருக்கின்றதா, மின்னஞ்சலுக்குப் போயிற்றா, தரவிறக்கியதை அழித்தாயிற்றா என்று பார்த்துவிட்டு எழுந்தால் போதும்.

அடுத்த சுற்றுக்கு மீண்டும் பட்டியல் கேட்டார்கள். செயலாளர் இம்முறை அதே கடைக்குத்தான் போனார். பென்ரைவைச் செருகி, பீடிஎப் கோப்பைத் தானே திறந்து காட்டினார். கடைத் தம்பி பார்த்துவிட்டு, "அக்கா, இப்ப வடிவாத் தெரியுது. என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டாராம். அவருக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்திருக்கின்றார். பாமினிக் கோப்பையும் கொடுத்திருக்கின்றார். அந்தக் கணினிக்கு நிர்வாகி அந்தத் தம்பிதானே, எல்லோருக்குமாக அவரே போட்டுவிட்டார்.

பட்டியலில் முதலாவது இலக்கத்தில் அந்த அம்மாவின் பெயர் இருந்தது. அகரவரிசைப்படி அது முதலில் வர வேண்டிய பெயரல்ல. நான் எதுவும் கேட்கவில்லை.